‘யாராவது வீட்ல இருப்பீங்களா?’ என்று கேட்பதுதான் முதல் தவறு

டர்பனில் ஓவர்போர்ட் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து இருக்கிறோம். கோயில்களில் நாதஸ்வரம் வாசிக்கும் அண்ணன் ஒருவர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் தம்பி ஒருவன், கிடங்கில் இரவு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், அப்புறம் உம்லாங்காவில் அலுவலகம் போகும் நான். 2025 ஈஸ்டருக்கு முந்தைய வாரம் எங்கள் கீசர் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பருக்கு வியாழக்கிழமை காலை என்று நேரம் வாங்கிவிட்டு, செவ்வாய் இரவு வாட்ஸப் குழுவில் இப்படிப் போட்டேன்:

“வியாழன் காலைல பிளம்பர் வரார். யாராவது வீட்ல இருப்பீங்களா? கன்ஃபர்ம் பண்ணுங்க.”

மூன்று பேரும் கட்டைவிரலைப் போட்டார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன்.

அந்த மூன்று கட்டைவிரலுக்கும் மூன்று அர்த்தம் இருந்தது என்பது அப்புறம் கேட்டபோதுதான் தெரிந்தது. அண்ணனுக்கு அது “பார்த்துட்டேன், சரியாகட்டும்” என்பது; அவர் அன்று விடியற்காலையிலேயே இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார், ஈஸ்டர் நாட்களில் அங்கே எவ்வளவு கூட்டம் வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தம்பிக்கு அது “மத்தவங்க யாரோ இருக்காங்க போல” என்பது. இரவு வேலை நண்பர் மட்டும் உண்மையிலேயே வீட்டில் இருந்தார், ஆனால் காலை ஏழு மணிக்கு வந்து, போனை சத்தமில்லாமல் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டார். “வீட்ல இருப்பீங்களா” என்றுதானே நான் கேட்டேன், விழித்திருப்பீங்களா என்று கேட்கவில்லையே. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

பிளம்பர் ஒன்பது மணி வாக்கில் வந்து கேட்டில் எங்கள் எண்ணை அழுத்தியிருக்கிறார். எங்கள் கட்டிடத்து இன்டர்காம் வீட்டுக்குள் மணி அடிப்பதில்லை, பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு கைபேசிக்கு அழைப்புப் போகும், அந்த எண் என்னுடையது, நான் மீட்டிங்கில் இருந்தேன். கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். வந்துபோனதற்கான கால்அவுட் கட்டணத்தை முழுசாகக் கட்ட வேண்டியிருந்தது, அதில் அவர் மேல் தப்பே கிடையாது. வெள்ளி புனித வெள்ளி, திங்கள் ஃபேமிலி டே, இரண்டும் பொது விடுமுறை. அடுத்த நேரம் 22ஆம் தேதி செவ்வாய்க்குத்தான் கிடைத்தது. அதுவரை வாளி வைத்து ஒழுகலைப் பிடித்தோம்.

இதில் நான் செய்த தவறுகளில் பெரியது, மூன்று பேரிடமும் சேர்த்துக் கேட்டது. எல்லோரிடமும் கேட்டால் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இன்னொருவர் இருக்கிறார் என்றே நினைப்பார்கள், அது சோம்பேறித்தனம் இல்லை, கேள்வியே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. யாரால் முடியும் என்று முதலில் நீங்களே யோசித்துவிட்டு அவரிடம் மட்டும், அவரைக் கூப்பிட்டு, தேதியும் மணியும் சொல்லிக் கேளுங்கள். பிளம்பர்கள் பெரும்பாலும் சரியான மணி சொல்ல மாட்டார்கள், “8இலிருந்து 12க்குள்” என்பார்கள். அந்த நாலு மணி நேரமும் ஒருவரால் முடியாவிட்டால் இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் மாற்றிக்கொள்ளும் நேரத்தில் இருவரும் வீட்டில் இருக்க வேண்டும். “பத்து மணிக்கு நான் வந்துடுவேன்” என்று சொன்னவர் டிராஃபிக்கில் நிற்பார், பத்து மணிக்குக் கிளம்ப வேண்டியவர் கிளம்பிப் போயிருப்பார், நடுவில் இருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் வண்டி வந்து நிற்கும்.

இரண்டாவது தடவை தம்பிக்குத் தனியாக எழுதியது இது:

“தம்பி, ஏப்ரல் 22 செவ்வாய், காலை 8 முதல் 10 வரை நீ வீட்ல முழிச்சு இருக்க முடியுமா? பிளம்பர் கீசர் வால்வு மாத்த வரார். 10க்கு நான் வந்துடுவேன், நான் உள்ள வந்தப்புறம் நீ கிளம்பினா போதும். முடியும்னா ‘8–10 இருக்கேன்’னு எழுது. திங்கள் மதியம் 12க்குள்ள சொல்லு, இல்லேன்னா அன்னிக்கே நான் மேனேஜர்கிட்ட சொல்லி லீவு போடணும்.”

இதில் இரண்டு விஷயம் கவனித்திருப்பீர்கள். பதிலை மணியோடு எழுதச் சொன்னேன், ஏனென்றால் “8–10 இருக்கேன்” என்று கையால் தட்டும்போதுதான் அவனுக்கே அன்று ஒன்பது மணிக்கு கைடைப் பார்க்க வேண்டும் என்று ஞாபகம் வரும், கட்டைவிரல் போடும்போது வராது. கெடுவையும் காரணத்தோடு சொன்னேன். வெறும் “சீக்கிரம் சொல்லு” என்பதற்கு யாரும் அவசரப்பட மாட்டார்கள். நான் லீவு போட வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் பதில் வரும். மதியம் பன்னிரண்டு வரை பதில் இல்லை என்றால் அதை ‘முடியாது’ என்றே எடுத்துக்கொண்டு போன் செய்ய வேண்டும், ‘சரி’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. “நாளைக்கு”, “அடுத்த வியாழன்” என்றும் எழுத வேண்டாம். நள்ளிரவு தாண்டிப் படிக்கிறவருக்கு நாளை என்பது வேறு நாள்.

அடுத்தது போன் எண். நேரம் வாங்கியவர் எண்ணையே பிளம்பரிடம் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது எல்லோரும் செய்வதுதான். “கிளம்பிட்டேன்”, “ஒரு மணி நேரம் லேட்”, “கேட்ல நிக்கறேன்” என்ற மூன்று அழைப்பும் வீட்டில் இல்லாதவருக்குப் போகும். முந்தின நாளே பிளம்பரிடம் வீட்டில் இருப்பவர் எண்ணைக் கொடுங்கள், கேட்டில் காவலர் இருந்தால் அவரிடமும் சொல்லிவையுங்கள், இன்டர்காம் எங்கள் கட்டிடம் மாதிரி கைபேசிக்குப் போவதாக இருந்தால் அந்தப் போன்காரர் அந்த நாலு மணி நேரமும் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். வருகிறவர் பெயரையும் வண்டி எண்ணையும் கேட்டு வாங்கி, இருக்கப்போகிறவருக்கு அனுப்புங்கள். தனியாக ஒரு பெண் மட்டும் இருக்கப் போகிறாள் என்றால் அவளுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள், தயங்கினால் நேரத்தை மாற்றுங்கள். வற்புறுத்துவது நியாயமே இல்லை.

இனி, கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பது. பிளம்பர் வந்தவுடன் கேட்பது “தண்ணீரை எங்கே மூடுவது?” என்றுதான். இதுபோன்ற பழைய கட்டிடங்களில் நம் வீட்டுக்கென்று தனி ஸ்டாப்காக் இல்லாமல், ஒரே வால்வு மேலும் கீழும் பல வீடுகளுக்குச் சேர்த்து இருக்கும். அப்படி இருந்தால் கேர்டேக்கரிடம் முன்கூட்டியே சொல்லாமல் அதை மூட முடியாது, மூன்றாவது மாடியில் யாரோ தலைக்கு சோப்புப் போட்டு நிற்பார்கள். ஆகவே உறுதி கேட்க வேண்டிய ஆட்களில் கேர்டேக்கரும் ஒருவர். அவரை விட்டுவிட்டால் நாம் இருந்தும், பிளம்பர் இருந்தும் வேலை நடக்காது.

கீசருக்கு இன்னொன்றும் உண்டு, இதை இருக்கப்போகிறவருக்கு எழுதியே கொடுத்துவிட வேண்டும். வேலை தொடங்கும் முன் டிபி போர்டில் கீசர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். முடிந்ததும் அவசரப்பட்டுப் போடக் கூடாது. தொட்டி நிரம்பாமல் போட்டால் எலிமென்ட் எரிந்துவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும், பிறகு தடையில்லாமல் சீராக ஓடும், அப்போதுதான் தொட்டி நிரம்பியது என்று அர்த்தம், அதற்கப்புறம் சுவிட்ச். 150 லிட்டர் தொட்டியை 3 கிலோவாட் எலிமென்ட் சூடாக்க ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். சூடாகி முடிந்தபின் கீசருக்கு அடியில் இருக்கும் தட்டைத் தொட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும், ஏனென்றால் சில கசிவுகள் அழுத்தம் ஏறினால்தான் தெரியும். அதாவது பிளம்பர் பதினொன்றுக்குப் போனாலும் வீட்டுக் காவல் மதியம் வரை இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் ஆளிடம் நேரம் கேட்க வேண்டும்.

காஸ் சிலிண்டருக்குக் கதை கொஞ்சம் வேறு. கொண்டுவருகிறவர் ஐந்து நிமிடம்கூட நிற்க மாட்டார், காலி சிலிண்டர் கழற்றித் தயாராக இருக்க வேண்டும், அதுவும் அவர்கள் மாற்றிக்கொள்ளும் கம்பெனியின் சிலிண்டரா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும், பணம் கட்டியாச்சா இல்லையா என்று இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே நிறையப் பேர் கேட்க மறக்கும் கேள்வி: “உனக்குக் கழற்றத் தெரியுமா?” எங்கள் 9 கிலோ சிலிண்டரின் ரெகுலேட்டர் நட்டில் மரை இடதுபக்க மரை, சாதாரண நட்டுக்கு நேரெதிர். கழற்ற வலதுபக்கம், கடிகார முள் போகும் திசையில் திருப்ப வேண்டும். தெரியாதவர் வழக்கம்போல் இடதுபக்கம் பலத்தோடு திருப்பி இன்னும் இறுக்கிவிடுவார். ஆகவே தெரிந்தவர் முந்தின இரவே சிலிண்டர் வால்வை மூடி, அடுப்பில் எரியும் நெருப்பு ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கழற்றி, கதவருகே நிமிர்த்தி வைத்துவிடட்டும். வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது வாங்கிவைப்பது மட்டும்: வாயில் சீல் இருக்கிறதா என்று பார்ப்பது, முடிந்தால் எடை போடுவது, உடம்பில் பொறித்திருக்கும் காலி எடையோடு 9 கிலோ சேர்ந்திருக்க வேண்டும். மாட்டத் தெரியாதவரை மாட்டச் சொல்லாதீர்கள். மாலையில் தெரிந்தவர் வந்து மாட்டி, இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் போதும்.

வேலை தள்ளிப்போனால் உடனே சொல்லாமல் விடுவதும் பெரிய தவறு. நேரம் வாங்கியவருக்கு “இன்னிக்கு வர முடியலை” என்று செய்தி வந்திருக்கும், அவர் எரிச்சலில் அடுத்த தேதி கேட்டுக்கொண்டிருப்பார், வகுப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு தடவை காத்திருந்தவன் அடுத்த தடவை வரமாட்டான், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த செவ்வாய் தம்பி எட்டு மணிக்கு விழித்திருந்தான். நான் பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டேன், பிளம்பர் பத்தேகாலுக்கு வந்தார், அவன் கிளம்பினான். மதியம் குழுவில் போட்டேன்:

“11:40க்கு முடிஞ்சுது. வால்வு மாத்தியாச்சு, பில் போட்டோ கீழே. கீசர் 12க்குப் போட்டேன், 2:30க்கு அப்புறம் குளிக்கலாம். தட்டை 3 மணிக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

மூன்று மணிக்குத் தட்டு காய்ந்திருந்தது.