கருப்பட்டியும் ஒரு ரூபா வட்டியும்: ரீல்ஸ்ல தப்பா வெளங்காத மாதிரி பேசுறது எப்படி

நான் நாகர்கோவில் பக்கம். ஹெல்த் டிப்ஸ், காசு டிப்ஸ்னு சின்ன சின்ன வீடியோ போடுவேன். ஒருநாள் சித்தி வீட்டுக்கு போனா, சுகர் மாத்திரை போடுற மனுஷி, பெரிய டம்ளர்ல கருப்பட்டி காப்பி குடிச்சிட்டு இருக்காங்க, அதுவும் ரெண்டாவது டம்ளர். ஏன்னு கேட்டா "நீதான மக்களே வீடியோல சொன்ன"ங்காங்க. எனக்கு திக்குனு ஆயிட்டு.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவ திரும்ப போட்டு பாத்தேன். நான் சொன்னது மூணே வரிதான்: "சீனி சுகர ஏத்தும். கருப்பட்டி இயற்கையானது, பனங்காட்டுல கிடைக்கிறது. காலையில கருப்பட்டி காப்பி குடிச்சு பாருங்க." தனித்தனியா பாத்தா இதுல பொய்யே கிடையாது. ஆனா மூணையும் சேத்து கேக்கிறவங்களுக்கு "கருப்பட்டி சுகர ஏத்தாது"ன்னுதான் வெளங்கும், நான் சொல்லாத நாலாவது வரிய கேக்கிறவங்களே சேத்துக்கிட்டாங்க. அதனால முதல் வேலை, ஸ்கிரிப்ட எழுதி முடிச்சதும் "இத கேட்டவங்க நாளைக்கு காலையில என்ன செய்வாங்க"ன்னு கீழ ஒரு வரி எழுதுங்க. அந்த வரி உண்மையான்னு பாருங்க, தப்புன்னா மேல உள்ளத மாத்தணும்.

அடுத்து விஷயத்த சரிபாக்கணும். கருப்பட்டி பதநீர காய்ச்சி எடுக்கிறது, அதுல பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில இருக்கிற அதே சர்க்கரைதான். இரும்பு, பொட்டாசியம் மாதிரி தாதுக்கள் சீனியவிட கொஞ்சம் கூட இருக்கு, அது உண்மை. அதுக்காக ரத்தத்துல சுகர் ஏறாம இருக்காது. 'இயற்கை', 'கெமிக்கல் இல்ல' இந்த வார்த்தையெல்லாம் எப்படி செஞ்சாங்கன்னுதான் சொல்லும், உடம்புல என்ன செய்யும்னு சொல்லாது. இத ஒரு பேப்பர்ல எழுதி கேமரா பக்கத்துல ஒட்டிக்கிடுங்க.

இப்ப மாத்தி எழுதினது: "கருப்பட்டியில சீனியவிட தாதுக்கள் கொஞ்சம் கூட இருக்கு, ஆனா கருப்பட்டியும் ரத்த சுகர ஏத்தும். சுகர் இருக்கவங்க சீனிய எப்படி அளந்து எடுப்பீங்களோ அப்படித்தான் இதையும், எவ்வளவுன்னு உங்க டாக்டர்ட்ட கேளுங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க." நல்லதும் அதோட எல்லையும் ஒரே மூச்சுல வருது பாருங்க, 'ஆனா'வ அடுத்த வீடியோவுக்கு தள்ளி வைக்கக்கூடாது. கீழ டிஸ்கிரிப்ஷன்ல போட்டாலும் பிரயோஜனம் இல்ல, வீடியோவ வாட்ஸ்அப்ல அனுப்பும்போது அது கூட போகாது. பஸ்ல சத்தத்த கொறச்சு வச்சு பாக்கிறவங்களுக்கு ஸ்கிரீன்ல உள்ள எழுத்து மட்டும்தான் வீடியோ, அதனால "கருப்பட்டியும் சுகர ஏத்தும்"ங்கிறது ஸ்கிரீன்லயே பெருசா வரணும்.

பொடி, லேகியம் விக்கிறவங்களுக்கு பண்ணி குடுக்கிற வீடியோன்னா இன்னும் கவனம். சர்க்கரை நோய குணமாக்கும்னு மருந்துக்கு விளம்பரம் பண்றத 1954-ல வந்த சட்டமே தடை செய்யுது.

காசு விஷயத்துலயும் இதே கததான். "மாசம் நூத்துக்கு ஒரு ரூபாதான் வட்டி, வருஷத்துக்கு 12 சதவீதம்"னு ஒரு கடன பத்தி சொன்னா கேக்க நல்லாருக்கும். கணக்கு போட்டு பாப்போம். 1,00,000 ரூபா கடன், 12 மாச தவணை, வட்டி முழுத்தொகைக்கும் மொத்தமா 12,000. ஆக மாசம் 9,333 ரூபா கட்டணும். ஆனா மாசாமாசம் நீங்க அசல கட்டிட்டே வாறீங்க, ஆறாவது மாசம் ஆகும்போது உங்க கையில இருக்கிறது பாதி கடன்தான், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கு போகுது. சராசரியா பாத்தா சுமார் 54,000 ரூபாய்க்கு 12,000 வட்டி. பேங்க்ல சொல்ற மாதிரி குறையுற பாக்கிக்கு கணக்கு பாத்தா வருஷத்துக்கு ஏறக்குறைய 21 சதவீதம் வரும்.

இத அப்படியே பேங்க் 12 சதவீதத்தோட ஒப்பிட்டு "ரெண்டும் ஒண்ணுதான்"னு சொன்னா தப்பு. காசு டிப்ல சதவீதம் வந்தாலே மூணு வார்த்தை கூட வரணும்: எவ்வளவு காலத்துக்கு, எந்த தொகை மேல, மொத்தம் எவ்வளவு கட்டணும். "1 லட்சத்துக்கு 12 மாசத்துல 1,12,000 கட்டணும், வட்டி முழுத்தொகை மேல"ன்னு ரூபாயில சொல்லுங்க, சதவீதத்தவிட ரூபாய் சட்டுனு வெளங்கும். பிராசஸிங் சார்ஜ் பிடிச்சா அதையும் கூட்டி சொல்லணும்.

போடுறதுக்கு முன்ன வீட்டுல ஒருத்தர்ட்ட ஒரே ஒரு தடவ காட்டுங்க. "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, "இத பாத்து நீங்க என்ன செய்வீங்க"ன்னு கேளுங்க. புது ஸ்கிரிப்ட சித்திட்டதான் முதல்ல காட்டினேன். "அப்ப இதையும் ஒரு ஸ்பூன்ல நிறுத்தணுமா"ன்னு கேட்டாங்க, டாக்டர்ட்ட கேட்டு சொல்லலாம்னு நானே கூட்டிட்டு போனேன்.

ஏற்கனவே தப்பா போட்டுட்டீங்கன்னா, கமெண்ட்ல பின் பண்ணி வைக்கிறது பத்தாது. போட்ட ரீலுக்குள்ள உள்ள வீடியோவ மாத்தவும் முடியாது. நான் பழச தூக்கிட்டு, புதுசுல முதல் வரியா "போன வீடியோல கருப்பட்டி பத்தி நான் சொன்னது தப்பா வெளங்கும்படி இருந்துச்சு"ன்னு சொல்லி போட்டேன், பழச ஷேர் பண்ணின குடும்ப குரூப்பெல்லாத்துலயும் அதயே அனுப்பினேன்.