ஆப் குறித்த நாளும் கருமுட்டை வந்த நாளும்: மாதவிடாய் தள்ளிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிடாய்த் தேதியை வைத்துக் கருமுட்டை வரும் நாளைச் சொல்லும் போன் ஆப்பை நம்பி, "ஆப்புல இன்னிக்குத்தானுங்க காட்டுது" என்று சொல்லிக்கொண்டு ஸ்கேனுக்கு வந்து படுப்பார்கள். திரையில் பார்த்தால் கருமுட்டை வளரும் சிறு பை 11 மில்லிமீட்டர்தான் இருக்கும். முட்டை வெளிவர அது 18 முதல் 24 மில்லிமீட்டர் வரை வளர வேண்டும். இன்னொருவருக்கு முட்டை வெளிவந்தே ஒரு வாரம் ஆகியிருக்கும். மாதாமாதம் ஒரே கணக்கில் வருகிறவர்களுக்கு ஆப் ஓரளவு ஒத்துப்போகும். நீர்க்கட்டி, தைராய்டு, தாய்ப்பால், நாற்பதைத் தாண்டிய வயது, எதனாலாவது நாள் முன்னும் பின்னும் ஆகிறவர்களுக்குத்தான் சிக்கல். தேதியை எழுத மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடலாம். முதலில் சொல்லப்போவது அப்படிப்பட்டது இல்லை.

சராசரியை வைத்து நாள் குறிப்பது

தேதியை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஆப் செய்வது இவ்வளவுதான்: பழைய சுழற்சிகளின் நாட்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும், அதில் 14-ஐக் கழிக்கும், கிடைத்த நாளைக் கருமுட்டை நாள் என்று போடும். அதற்கு முந்தைய ஐந்து நாட்களையும் சேர்த்து வண்ணம் அடித்துக் காட்டும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை ஒரு நாள்தான் தாங்கும். அதனால் அந்த ஆறு நாள் கணக்கு சரியே. அது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் கோளாறு.

முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வரை உள்ள பின்பாதி அதிகம் மாறாது. பலருக்கு 12 முதல் 14 நாள், சிலருக்கு 10 அல்லது 16. நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோ 1920-களில் கண்டு சொன்னதும் இதைத்தான்: அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அடுத்த மாதவிடாயோ இன்னும் வரவில்லை. வராத தேதிக்குப் பதிலாக ஆப் சராசரியை வைத்துக்கொள்கிறது.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணின் ஆறு சுழற்சிகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 29, 43, 34, 51, 31, 40. கூட்டினால் 228, சராசரி 38. ஆப் 24-ம் நாளைக் குறிக்கும், 19 முதல் 24 வரை வண்ணம் அடிக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் 14-ஐத் தனித்தனியாகக் கழித்துப் பாருங்கள். முட்டை வந்திருக்கக்கூடிய நாட்கள் 15, 29, 20, 37, 17, 26. ஆறில் ஒன்றுதான், அந்த 20, வண்ணத்துக்குள் விழுகிறது. முன்னால் உள்ள நாட்களில் 29-க்கு ஒரு நாளும் 26-க்குச் சில நாட்களும் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. மற்ற மூன்றில் ஒரு நாள்கூட ஒட்டவில்லை. 38 நாள் சுழற்சி என்று ஒன்று அவருக்கு வந்ததே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர் மூன்று சுழற்சிகளை வீணாக்கிவிட்டு, குறை தன்னிடம் என்றோ கணவரிடம் என்றோ நினைத்துக்கொள்வார். குழந்தை வேண்டாம் என்று இருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். முட்டை 15-ம் நாள் வந்த சுழற்சியில் 10 முதல் 15 வரை கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள். ஆப்போ 19 வரை ஒன்றும் காட்டாமல் இருக்கும். வண்ணம் இல்லாத நாளைப் 'பாதுகாப்பான நாள்' என்று எடுத்துக்கொண்டு, பிறகு நாள் தள்ளிப்போய் வருகிறவர்களைப் பார்க்கும்போது வரும் எரிச்சல் அவர்கள்மேல் இல்லை. ஒரே ஒரு நாளை அவ்வளவு உறுதியாகக் குறித்துக்காட்டும் திரையின்மேல்தான்.

பழைய காலண்டர் முறையாவது நேர்மையாக இருந்தது. மிகக் குறுகிய சுழற்சியில் 18-ஐயும் மிக நீண்டதில் 11-ஐயும் கழிக்கச் சொல்லும். இவருக்குக் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் 11 முதல் 40 வரை என்று வரும். அதாவது, நாட்களை எண்ணி இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று அதுவே சொல்லிவிடும்.

நோம்பி மாத்திரையைக் கணக்கில் சேர்ப்பது

மேலே உள்ள 51 எப்படி வந்தது? மாரியம்மன் நோம்பி வந்தால் நம் ஊரில் மருந்துக்கடையில் நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்காத தெரு குறைவு. இவர் 36-ம் நாளிலிருந்து நோரெதிஸ்டிரோன் மாத்திரையை இரண்டு வாரம் போட்டிருக்கிறார். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் ரத்தம் வந்தது. அது மாத்திரையை நிறுத்தியதால் வந்தது. அதிலிருந்து 14-ஐக் கழித்தால் கிடைக்கும் 37-க்குப் பொருளே இல்லை. ஆப்புக்கு இது தெரியாது. அந்த ஒரு சுழற்சியை எடுத்துவிட்டால் மீதி ஐந்தின் சராசரி சுமார் 35 ஆகிவிடும், குறித்த நாளும் மூன்று நாள் முன்னால் வரும். சில ஆப்களில் ஒரு சுழற்சியைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் அதை நோட்டில் குறித்து வையுங்கள். நாள் தள்ளிப்போய், டாக்டர் மாத்திரை கொடுத்து வரவழைத்த மாதவிடாயும் இந்தக் கணக்குதான்.

சொட்டுத் தீட்டை முதல் நாளாகப் போடுவது

துணி மாற்றும் அளவுக்கு ரத்தம் வரும் நாள்தான் முதல் நாள்.

ஸ்ட்ரிப்பை ஆப் சொல்லும் நாளில் தொடங்குவது

முட்டையை வெளியிடத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் சிறுநீரில் ஏறுவதைக் காட்டும் ஸ்ட்ரிப் நல்ல கருவி. ஏற்றம் தெரிந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். ஆனால் 19-ம் நாள் தொடங்கினால் 15-ல் வந்தது தப்பிவிடும். இதுவரை வந்த மிகக் குறுகிய சுழற்சியில் 17-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். இவருக்கு 29-ல் கழித்தால் 12. அன்றிலிருந்து தினமும் பார்க்க வேண்டும், அதனால் ஒரு சுழற்சிக்கே ஸ்ட்ரிப் நிறையச் செலவாகும். செலவைக் குறைக்க, வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, விரலிடையே இழுத்தால் நீளும் பதத்துக்கு வரும் நாட்களில் மட்டும் பார்க்கலாம்.

நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்களில் சிலருக்கு எல்.எச். எப்போதுமே மேலே இருக்கும், அதனால் பல நாள் தொடர்ந்து கோடு அழுத்தமாக விழும். உடல் முட்டையை வெளியிட முயன்று தோற்று, இரண்டு வாரம் கழித்து மறுபடி முயல்வதும் உண்டு. முதல் அழுத்தமான கோட்டை ஆப்பில் போட்டவுடன் அது 'முட்டை வந்துவிட்டது' என்று முடித்துவிடும். ஸ்ட்ரிப் முயற்சியைத்தான் காட்டுகிறது.

முட்டை வந்ததா என்று தெரிய வேண்டுமானால் காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் வெப்பநிலை பாருங்கள். முந்தைய ஆறு நாட்களைவிடக் குறைந்தது 0.2 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் சுமார் 0.4, ஏறி மூன்று நாள் அப்படியே நின்றால் வந்துவிட்டது. இது முன்கூட்டிச் சொல்லாது, நடந்ததைத்தான் உறுதிசெய்யும். மில்லில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்கு இந்த அளவு தாறுமாறாக ஆடும். அவர்கள் ஸ்கேனுக்குப் போவதே மேல்.

மூன்று மாதம் வராமல் இருந்தும் ஆப்பையே பார்த்துக்கொண்டிருப்பது

கர்ப்பம் இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள்.

21-ம் நாள் ரத்தப் பரிசோதனை

முட்டை வெளிவந்தால் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் வந்தது என்று பொருள். 21-ம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கு வைத்த கணக்கு, அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு என்பதே அதன் உட்பொருள். நம் உதாரணப் பெண்ணுக்கு 34 நாள் சுழற்சியில் முட்டை 20-ம் நாள் வந்தது. 21-ல் ரத்தம் கொடுத்தால் அளவு குறைவாகத்தான் இருக்கும், 'முட்டை வரவில்லை' என்று ரிப்போர்ட்டைப் படித்துவிடுவார்கள். வெப்பநிலை ஏறி ஆறேழு நாள் கழித்துக் கொடுப்பது சரி. ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், அதற்குப் பின் மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது என்று அந்த ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அந்தத் தேதி இல்லாமல் அவராலும் அந்த எண்ணைப் படிக்க முடியாது.