ஏலச்சீட்டில் மாதம் உண்மையில் எத்தனை சதவீதம் கிடைக்கிறது?

கடைசி வரை சீட்டை எடுக்காமல் வைத்திருந்தவரிடம் எவ்வளவு லாபம் என்று கேட்டால், பெரும்பாலும் மொத்த லாபத்தைக் கட்டிய தொகையால் வகுத்துச் சொல்வார். அந்தக் கணக்கு அவருடைய வருமானத்தைக் குறைத்துக் காட்டும். ஏன் என்பதை ஒரு சிறிய சீட்டை வைத்துப் பார்ப்போம்.

1 லட்சம் ரூபாய் சீட்டு, 10 பேர், 10 மாதம். ஆளுக்கு மாதம் 10,000. நடத்துபவரின் கமிஷன் 5%, அதாவது மாதம் 5,000. (பதிவு செய்த சீட்டுகளில் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இது 7% வரை போகலாம்.)

படி 1: மாதாமாதம் கையிலிருந்து போனதை எழுதுங்கள்

முதல் மாதம் ஏலம் 25,000 தள்ளிப் போகிறது என்று வையுங்கள். எடுத்தவருக்கு 75,000. தள்ளிய 25,000-ல் கமிஷன் 5,000 போக மீதி 20,000-ஐ 10 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 2,000. ஆகவே அந்த மாதம் நீங்கள் கட்டுவது 8,000 மட்டும். சில இடங்களில் இந்தக் கழிவை அடுத்த மாதத் தவணையில்தான் கழிப்பார்கள். அப்படியானால் அடுத்த மாத வரிசையில் எழுதுங்கள்.

மாதங்கள் போகப் போக அவசரக்காரர்கள் குறைவார்கள், தள்ளும் குறையும். நம் சீட்டில் தள்ளு 25,000-ல் தொடங்கி 23, 21, 19, 17, 15, 12, 10, 7 ஆயிரம் என இறங்கி, கடைசி மாதம் கமிஷன் 5,000 மட்டும் நிற்கிறது.

படி 2: கடைசியில் எடுப்பவரின் கணக்கு

அவர் கடைசி மாதம் 95,000 வாங்கி, அதே மாதத் தவணை 10,000-ஐயும் கட்டுகிறார். எனவே அந்த மாதம் நிகரமாகக் கைக்கு வருவது 85,000. எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் A1 முதல் A10 வரை, கட்டியதைக் கழித்தல் குறியோடு இப்படிப் போடுங்கள்:

```
-8000
-8200
-8400
-8600
-8800
-9000
-9300
-9500
-9800
85000
```

படி 3: சூத்திரம்

```
=IRR(A1:A10)
```

விடை சுமார் 1.35%. தசமம் தெரியாமல் வெறும் 1% என்று வந்தால், அந்தக் கட்டத்தில் தசம இடங்களைக் கூட்டிப் பாருங்கள். வருடத்துக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் `=(1+IRR(A1:A10))^12-1`. அது சுமார் 17.5%.

இப்போது பழைய கணக்குக்கு வருவோம். மொத்தம் கட்டியது 89,600, வந்தது 95,000, லாபம் 5,400. வகுத்தால் 6%, பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 0.6% தான். ஆனால் முழுத் தொகையும் பத்து மாதமும் சீட்டில் இருக்கவில்லையே. முதல் தவணை 9 மாதம் இருந்தது, ஒன்பதாவது தவணை ஒரே மாதம்தான் இருந்தது. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் நான்கு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் உள்ளே இருந்தது. IRR இந்தக் கால அளவையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

படி 4: முன்னால் எடுத்தவர்கள்

முதல் மாதமே எடுத்தவருக்கு நிகரமாக வந்தது 67,000 (75,000-ல் அந்த மாதத் தவணை 8,000 போக). A1-ல் 67000, அதன் கீழே -8200 முதல் கடைசித் தவணையான -10000 வரை போட்டால் விடை சுமார் 4%. ஷீட் இதையும் கூட்டல் எண்ணாகத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்: இது அவருக்குக் கிடைக்கும் வருமானம் அல்ல, அவர் மாதாமாதம் கட்டும் வட்டி.

நடுவில் எடுத்தவரிடம்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐந்தாம் மாதம் 17,000 தள்ளி எடுத்தவருக்கு A5-ல் 74200 வரும் (83,000-ல் 8,800 போக), A10-ல் -10000. மற்றவை படி 2-ல் உள்ளபடியே. IRR போட்டால் `#NUM!` என்று வரும். நீங்கள் தப்பாக அடிக்கவில்லை. நான்கு மாதம் சேமித்து, பிறகு ஐந்து மாதம் கடனாளியாக இருந்தவருக்கு ஒரே சதவீதம் என்பது சில சமயம் இருக்கவே இருக்காது. இந்தச் சீட்டில் இல்லை.

அவர் வேறு வழியில் பார்க்க வேண்டும். தனக்கு வெளியே மாதம் எத்தனை சதவீதத்தில் பணம் புரளுமோ அதை எடுத்துக்கொண்டு, எல்லாத் தொகையையும் பத்தாம் மாதத்துக்குக் கொண்டுபோகலாம். 1% என்று வைத்தால்:

```
=NPV(1%,A1:A10)*1.01^10
```

விடை கழித்தலில் சுமார் 6,300. நடுவில் எடுத்த வசதிக்கு அவர் கொடுத்த விலை அது.

சேர்வதற்கு முன் போட்டுப் பார்க்க

தள்ளு எவ்வளவு போகும் என்பது ஏலம் முடிந்தால்தான் தெரியும். அதனால் அதே நடத்துனரிடம் முடிந்துபோன, இதே அளவுச் சீட்டின் மாதவாரி ஏலத் தொகைகளைக் கேட்டு வாங்கி மேலே சொன்னபடி போடுங்கள். பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதையும் அந்தச் சீட்டில் இருந்தவர்களிடம் விசாரியுங்கள். நம் கணக்கில் A10-ல் -10000, A11-ல் 95000 என்று போட்டு `=IRR(A1:A11)` பார்த்தால், கடைசிப் பணம் ஒரே ஒரு மாதம் தாமதமானதற்கே 1.35% என்பது சுமார் 1.1% ஆக இறங்கிவிடுகிறது.