தொகையீட்டுக்கு முன் சராசரியைக் கழியுங்கள்

ஃபூரியர் தொடரின் கெழுக்களைக் கணக்கிடத் தொடங்குமுன், குறிகையின் சராசரி மதிப்பைக் கழித்துவிட்டு, எஞ்சிய அலையின் சமச்சீரைப் பாருங்கள். பாதித் தொகையீடுகளைப் போடவே வேண்டியிராது.

0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே சம நேரம் மாறி மாறி நிற்கும் சதுர அலையில், ஏறுமுனையை t = 0 எனக் கொண்டால், முதல் பார்வைக்கு எந்தச் சமச்சீரும் தெரியாது. ஆனால் சராசரியான 2.5 வோல்ட்டைக் கழித்ததும் அது ±2.5 வோல்ட் கொண்ட ஒற்றைச் சார்பாகிவிடுகிறது. ஒற்றைச் சார்பைக் கொசைனால் பெருக்கி ஒரு முழு அலைக்காலத்துக்குத் தொகையிட்டால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால், a_n அனைத்தும் சுழி. அரை அலைக்காலம் நகர்த்தினால் அலை தலைகீழாகிவிடுவதால் இரட்டை எண் சீரிசைகளும் இல்லை. எஞ்சுவது, ஒற்றைப்படை n-க்கு மட்டும்,

```
b_n = 10/(nπ)
```

அதாவது அடிப்படை அதிர்வெண்ணில் சைன் கூறின் வீச்சு 3.18 வோல்ட், அதன் மும்மடங்கில் 1.06 வோல்ட்.

உயர்நிலை அலைக்காலத்தில் 30 விழுக்காடு மட்டுமே நீடித்தால் இரட்டை எண் சீரிசைகளும் தலைகாட்டும். நேரத் தொடக்கப் புள்ளியை நகர்த்தினாலும் a_n, b_n மாறும் (பலர் சறுக்குமிடம் இதுதான்); மாறாதது √(a_n² + b_n²) என்னும் வீச்சு மட்டுமே.