ஒல்லியான உயர வீட்டின் முகப்புப் படம்: இழுபடாமல் கிராப் செய்வது எப்படி?

ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்ஹ்ராக்ட் மாதிரியான கால்வாய்க் கரைகளில் 17ஆம் நூற்றாண்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அகலம் கொஞ்சம்தான், உயரமோ நாலைந்து மாடி. ஔட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் 22ஆம் எண் வீட்டின் முகப்பு வெறும் 2.02 மீட்டர் அகலம்! இப்படிப்பட்ட வீட்டைப் படமெடுத்தால், ஒன்று குட்டையாகக் குந்தியது போல் தெரியும், இல்லாவிட்டால் ரப்பர் போல மேலே இழுத்துவிட்டது போல் தெரியும். பலரும் பழியைக் கிராப் மேல் போடுகிறார்கள். ஆனால் கிராப் என்பது ஓரத்தை வெட்டுவது மட்டும்தான், அது எதையும் இழுக்காது. கோணல் அதற்கு முன்பே உள்ளே வந்துவிடுகிறது. அதனால் முதலில் வீட்டின் நிஜ விகிதம், அடுத்து நிமிர்த்தல், கிராப் கடைசியில் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கணக்குக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம்: 6 மீட்டர் அகலம், முகட்டின் நுனி வரை 15 மீட்டர் உயரம். அகலத்தைப் போல உயரம் 2.5 மடங்கு. எடிட்டிங்குக்கு இலவச மென்பொருளான GIMP போதும்.

1. நிஜ விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

15 மீட்டர் உயரத்தை டேப் வைத்து அளக்க முடியாது. அதற்கு ஒரு அளவுப் படம் எடுத்தால் போதும். கால்வாயின் எதிர்க்கரைக்குப் போய், வீட்டின் நடுவுக்கு நேர் எதிரே நில்லுங்கள். போனைச் செங்குத்தாகப் பிடித்து, மேலேயோ கீழேயோ சாய்க்காமல் ஜூம் இல்லாத 1x லென்ஸில் எடுங்கள். ஏன் 1x என்றால், போனைச் சாய்க்காதபோது அடிவானம் படத்தின் நடுவில் விழும். அதிகம் ஜூம் செய்தால் முகடு மேலே வெட்டுப்பட்டுவிடும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணீராகத்தான் இருக்கும், பரவாயில்லை. இந்தப் படம் அழகுக்கு இல்லை, அளவுக்கு.

40–45 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த 12 மெகாபிக்சல் படத்தில் நம் வீடு ஏறக்குறைய 400 பிக்சல் அகலமும் 1000 பிக்சல் உயரமும் இருக்கும். GIMP-இல் `Measure` கருவியால் இரண்டையும் அளந்து வகுத்தால் 2.5 கிடைக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் அகலம் சுருங்கி இந்த எண் பொய்யாகிவிடும். கரையோர எல்ம் மரங்கள் கோடையில் முகப்பை மறைக்கும் என்பதால், இலை உதிர்ந்த மாதங்களே இந்த வேலைக்குத் தோது.

2. நல்ல படத்தை எடுத்து நிமிர்த்துங்கள்

கதவு, ஜன்னல், செங்கல் எல்லாம் தெளிவாகத் தெரியும் படத்தை வீட்டுப் பக்கத்துக் கரையிலிருந்தே எடுப்போம். 24 மெகாபிக்சல் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 4000 × 6000 பிக்சல். முகடு வரை வர வேண்டுமென்றால் கேமராவை அண்ணாந்து பிடித்துத்தான் ஆக வேண்டும், அப்போது வீடு மேலே போகப் போகக் குறுகும். சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள், நிமிர்த்தும்போது ஓரங்கள் கொஞ்சம் போய்விடும்.

GIMP-இல் `Perspective` கருவியை எடுத்து, மேல் மூலைகள் இரண்டையும் வெளிப்பக்கமாக இழுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுப்பது முக்கியம். ஆம்ஸ்டர்டாம் வீடுகள் பலவும் மரத் தூண் அடித்தளத்தின் மேல் நிற்பவை. காலப்போக்கில் சில இடம் வலமாகச் சாய்ந்துவிட்டன. ஒரே அளவு இழுத்த பிறகும் வீடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அது அந்த வீட்டின் சொந்தச் சாய்வு. அதையும் நிமிர்த்தினால் பக்கத்து வீடு கோணிக்கொள்ளும். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் கேமரா சாய்ந்திருக்கிறது என்று பொருள், அப்போது படத்தையே கொஞ்சம் திருப்புங்கள்.

3. உயரத்தைச் சரிபாருங்கள்

இந்த இடத்தைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேல் மூலைகளை இழுத்தால் சுவர்கள் இணையாகிவிடும், ஆனால் அண்ணாந்து எடுத்ததால் குறுகிய உயரம் முழுதாகத் திரும்பி வராது. வீடு கொஞ்சம் தடித்துப் போயிருக்கும், கண்ணுக்கு உடனே பிடிபடாது. மறுபடியும் `Measure` எடுங்கள். நம் படத்தில் வீடு 2160 பிக்சல் அகலம், 4860 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 4860 ÷ 2160 = 2.25. வர வேண்டியது 2.5. அப்படியென்றால் 2.5 ÷ 2.25, அதாவது உயரம் 111.11 சதவீதம் ஆக வேண்டும்.

`Image > Scale Image` திறந்து, அலகைச் சதவீதத்துக்கு மாற்றி, அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் இருக்கும் சங்கிலிக் குறியைச் சொடுக்கிப் பிரித்துவிடுங்கள். அகலம் 100, உயரம் 111.11. இப்போது வீடு 2160 × 5400, மொத்தப் படம் 4000 × 6667. ஒரு மீட்டருக்கு அகலத்திலும் 360 பிக்சல், உயரத்திலும் 360 பிக்சல். `Scale Image`-இல் சங்கிலியைப் பிரிப்பது இந்த ஒரு தடவைதான். இதற்குப் பிறகு அங்கே எப்போது அளவு மாற்றினாலும் அது பூட்டியே இருக்கட்டும்.

மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்து விகிதத்தை முடிவு செய்யாதீர்கள். இந்த வீடுகளில் மேலே போகப் போக ஜன்னலின் உயரம் நிஜமாகவே குறையும்: கீழே நெடுநெடுவென்று, மேலே ஏறக்குறைய சதுரமாக. அதைப் பிழை என்று நினைத்து இன்னும் இழுத்தால் கீழ்த்தளக் கதவு ஈட்டி மாதிரி நீண்டுவிடும்.

4. இப்போது கிராப்

`Crop` கருவியில் `Fixed` என்பதை டிக் செய்து, `Aspect ratio` தேர்ந்தெடுத்து, விகிதத்தை டைப் செய்யுங்கள்.

2:3 என்றால் 4000 × 6000. வீட்டுக்கு இரு பக்கமும் 920 பிக்சல், அதாவது பக்கத்து வீடுகளில் இரண்டரை மீட்டர் வரும். தெருவின் வரிசை தெரிய வேண்டுமென்றால் சரிதான், ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னல் பாதியில் அறுபட்டு நிற்கும். நான் தேர்ந்தெடுப்பது 1:2. அதில் 3000 × 6000, இரு பக்கமும் 420 பிக்சல், ஒரு மீட்டருக்குச் சற்று மேல். வீடு தனியாக இல்லை, ஒட்டிய சுவர்களுக்கு நடுவே நிற்கிறது என்பது அந்தக் கீற்றிலேயே புரிந்துவிடும். வீட்டின் விகிதத்திலேயே, 2:5 என்று, ஒட்ட வெட்டினால் இது கட்டடமா கதவா என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

1:2-இல் மேலும் கீழுமாக 600 பிக்சல் மிச்சம். கீழே 360 விடுங்கள், வாசற்படியும் ஒரு மீட்டர் தெருவும் வரும். மேலே 240 வானம். முகட்டில் சாமான் தூக்கும் உத்தரம் ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் கொக்கி வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. 4:5 கேட்கும் இடத்தில்

4000 அகலத்துக்கு 4:5 என்றால் உயரம் 5000 பிக்சல்தான். நம் வீடே 5400. ஒன்று முகடு போகும், இல்லாவிட்டால் வாசற்படி போகும். இங்கேதான் பலர் சங்கிலியைப் பிரித்து 1080 × 1350-க்குள் படத்தை அமுக்கி, வீட்டைக் குண்டாக்கிவிடுகிறார்கள். அதற்குப் பதில், 1:2 படத்தைத் தொடாமல் `Image > Canvas Size` போய் அங்கேயும் சங்கிலியைப் பிரித்து அகலத்தை மட்டும் 4800 ஆக்கி, `Center` அழுத்தி, `Resize layers`-இல் `All layers` தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் 900 பிக்சல் வெற்றிடம் வரும், வெள்ளையோ சாம்பலோ நிரப்பிக்கொள்ளலாம். அப்புறம் சங்கிலி பூட்டிய நிலையில் `Scale Image`-இல் அகலம் 1080 என்று கொடுத்தால் உயரம் தானாக 1350 ஆகிவிடும். இணையத்தில் ஏற்றிய பிறகும் சந்தேகம் இருந்தால், திரையில் தெரியும் வீட்டையே ஸ்கேல் வைத்து அளந்து வகுத்துப் பாருங்கள், 2.5 வர வேண்டும்.