அடுத்தது எது பக்கம் என்று பார்த்தால் தூரம் கூடும்: டெலிவரி வரிசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் ஹப்பிலிருந்து மூட்டை வந்து இறங்கியதும் சின்ன கூரியர் கடையில் நடக்கிற முதல் வேலை, கவர்களைப் பிரித்து அடுக்குவது. பல கடைகளில் பின்கோடு பார்த்து அடுக்கி, அதே வரிசையில் டெலிவரி ஷீட் எழுதி, அப்படியே வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். பெட்ரோல் வீணாவது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 625001 கோயிலைச் சுற்றியுள்ள பழைய நகரம், வைகைக்குத் தெற்கே இருக்கிறது. 625002 தல்லாகுளம், ஆற்றுக்கு வடக்கே. எண்கள் அடுத்தடுத்தவை, ஆனால் நடுவில் ஒரு ஆறு. தல்லாகுளத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கிழக்கே போனால் வருகிற கே.கே.நகரோ 625020. தபாலை எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்கிறது என்பதைத்தான் பின்கோடு சொல்கிறது. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போவது சுலபம் என்பது அதில் இல்லை. மூட்டை பிரிக்க அது போதும், வண்டி ஓட்ட வேறு வரிசை வேண்டும்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது, ஆனால் பார்க்க நியாயமாக இருக்கும்: இப்போது நிற்கிற இடத்திலிருந்து எது பக்கமோ அங்கே போவது. சரிதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நேர் சாலையில் உங்கள் கடை. கிழக்கே 1 கி.மீ.யில் ஒரு டெலிவரி, 4 கி.மீ.யில் இன்னொன்று. மேற்கே 1.5 கி.மீ.யில் ஒன்று, 7.5 கி.மீ.யில் ஒன்று. முதலில் பக்கத்தில் இருக்கிற கிழக்கு 1-க்குப் போகிறீர்கள். அங்கிருந்து கிழக்கு 4-க்கு 3 கி.மீ., மேற்கு 1.5-க்கு 2.5 கி.மீ. அதனால் வண்டி மேற்கே திரும்புகிறது. அங்கே கொடுத்துவிட்டுப் பார்த்தால் கிழக்கு 4 ஐந்தரை கி.மீ., மேற்கு 7.5 ஆறு கி.மீ. மறுபடியும் கிழக்கே. கடைசியில் கிழக்கு 4-லிருந்து மேற்கு 7.5-க்கு 11.5 கி.மீ. ஓடி, அப்புறம் கடைக்கு 7.5. மொத்தம் 28 கி.மீ.

கிழக்கே இரண்டையும் முடித்துக் கடையைத் தாண்டி மேற்கே இரண்டையும் முடித்துத் திரும்பியிருந்தால் 23 கி.மீ.யில் முடிந்திருக்கும். நாளுக்கு 5 கி.மீ., 25 வேலை நாளுக்கு 125 கி.மீ. ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தோம். ஆனால் தூரத்தில் விட்டுவந்த ஒற்றை முகவரி கடைசியில் மொத்தமாக வசூலித்துவிட்டது. கடைசி இரண்டு மூன்று ஓட்டங்கள் மட்டும் வழக்கத்துக்கு மாறாக நீளமாக இருந்தால், இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு மாற்று, போகிற வழியை ஒரு வளையமாகப் பார்ப்பது. கடை சிம்மக்கல்லில் இருக்கிறது, அன்றைக்குச் செல்லூர், கோரிப்பாளையம், கே.கே.நகர், அண்ணாநகர், தெப்பக்குளம், தெற்கு மாசி வீதி என்று ஆறு இடம் என்று வைத்துக்கொள்வோம். யானைக்கல் வழியாக ஆற்றைத் தாண்டிச் செல்லூர், அங்கிருந்து கோரிப்பாளையம், கிழக்கே கே.கே.நகர், இறங்கி அண்ணாநகர், குருவிக்காரன் சாலைப் பாலத்தில் ஆற்றைக் கடந்து தெப்பக்குளம், திரும்பி மேற்கே தெற்கு மாசி வீதி, பிறகு கடை. ஆற்றை இரண்டே முறை கடந்தாயிற்று. கடைக்கே திரும்பி வருகிற வண்டி ஆற்றைக் கடக்கிற எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும். நான் சாயங்காலம் டெலிவரி தம்பியிடம் கேட்கிற முதல் கேள்வியே "பாலம் எத்தனை தடவை?" என்பதுதான். நான்கு என்றால் ஷீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் ஆறு இல்லாவிட்டால் ரயில்வே கேட் இருக்கும், நடுவில் சுவர் வைத்த பைபாஸ் இருக்கும், அதை எண்ணுங்கள். (சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. வடகரையை ஒரு நாள், தென்கரையை ஒரு நாள் என்று பிரித்துவிடுவது உத்தமம்.)

வளையம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாளில் இடங்களைப் புள்ளி வைத்து, போகிற வரிசையில் கோடு இழுங்கள். எங்காவது இரண்டு கோடு ஒன்றையொன்று வெட்டினால் அந்த இடத்தில் தூரம் மிச்சம் பிடிக்கலாம். 2-லிருந்து 3-க்குப் போகிற கோடும் 6-லிருந்து 7-க்குப் போகிற கோடும் வெட்டுகிறதா? 3 முதல் 6 வரை உள்ள வரிசையைத் தலைகீழாக்குங்கள்: 2, 6, 5, 4, 3, 7. வெட்டு போய்விடும். தாளில் இது எப்போதும் குறையும். ஆனால் ஒருவழிப்பாதை உள்ள தெருக்களில் தலைகீழாக வருவது சுற்றாகிவிடும், அங்கே வண்டி மீட்டரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நேரக் கட்டாயம் வந்தால் இந்த வளையத்தை உடைக்கிற பழக்கமும் உண்டு. கலெக்டர் ஆபீஸ் தபாலை மாலைக்குள் கொடுக்க வேண்டும் என்று நேராக அங்கே ஓடிவிட்டு மற்றதை அப்புறம் பார்ப்பார்கள். வளையத்தை எந்தத் திசையில் சுற்றினாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அலுவலகங்கள் முதல் பாதியில் வருகிற திசையைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் போதும்.

வண்டி கிளம்பிய பிறகு ஒரு பிக்கப் போன் வரும். பட்டியலின் கடைசியில் சேர்த்துவிடுவது எல்லோரும் செய்வது. சேர்க்கும் முன் ஒரு சின்னக் கழித்தல் செய்யுங்கள். இன்னும் போகாத அ, ஆ என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே 3 கி.மீ. புது இடம் இரண்டிலிருந்தும் 2 கி.மீ. நடுவில் நுழைத்தால் கூடுதல் 2 + 2 − 3, அதாவது 1 கி.மீ. கடைசி டெலிவரியிலிருந்து கடைக்கு 2.5 கி.மீ. இருக்க, அங்கிருந்து புது இடம் 4 கி.மீ., அங்கிருந்து கடை 3.5 கி.மீ. என்றால், கடைசியில் சேர்ப்பதற்குக் கூடுதல் 5 கி.மீ. ஆகிறது. ஒரே பிக்கப், நுழைக்கிற இடம்தான் வேறு.

கூகுள் மேப்ஸில் எல்லா முகவரியையும் போட்டுவிட்டால் அதுவே வரிசைப்படுத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நாம் போட்ட வரிசையிலேயே அது வழி காட்டும். வரிசையை நாம்தான் இழுத்து மாற்ற வேண்டும். மாற்றிப் பார்த்தால் மொத்தத் தூரம் எவ்வளவு குறைகிறது என்று அதிலேயே தெரியும், அந்த வேலைக்கு நன்றாக உதவும்.

கடைசியாகப் பையை அடுக்குவது. ஷீட்டில் வரிசை சரியாக இருந்தும் பையில் தெப்பக்குளம் கவர் மேலேயும் செல்லூர் கவர் அடியிலும் கிடந்தால், தம்பி கைக்கு வந்ததைக் கொடுத்துக்கொண்டே போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கவரின் மூலையிலும் மார்க்கரில் வரிசை எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். பெரிய எண்ணை முதலில் உள்ளே வையுங்கள், 1 எல்லாவற்றுக்கும் மேலே.