0 -1 -2 என்று எழுதுகிறவர்களுக்கு

பொறியியல் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் சி ப்ரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் வைத்த மாதிரித் தேர்வில் நான்கு பேர் ஒரே தப்பான விடையை எழுதியிருந்தார்கள், அதுவும் நான் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எழுதிவிட்டு வந்த அதே விடை. அரைப்புள்ளியைக் கவனிக்காதது, `<=` என்பதை `<` என்று படித்தது மாதிரியான தப்புகளை இங்கே விட்டுவிடுகிறேன், இரண்டாவது தடவை படித்தாலே அவை கண்ணில் பட்டுவிடும். கீழே சொல்லப்போவது பத்துத் தடவை படித்தாலும் படாது.

எல்லா அழைப்புக்கும் ஒரே n என்று நினைப்பது

```c
void f(int n) {
    if (n > 0) {
        f(--n);
        printf("%d ", n);
        f(--n);
    }
}
```

`f(3)` என்ன அச்சிடும்? அந்த நான்கு பேரும் தாளின் ஓரத்தில் n என்று ஒரே ஒரு தடவை எழுதி, பக்கத்தில் 3, 2, 1, 0 என்று அடித்து அடித்துக் கீழே போயிருக்கிறார்கள். n 0 ஆனதும் உள்ளே போன அழைப்பு ஒன்றும் செய்யாமல் திரும்புகிறது, 0 அச்சாகிறது. அடுத்த `--n` அதை -1 ஆக்குகிறது. வெளியே வந்தால் -1 அச்சாகிறது, அப்புறம் -2. விடை 0 -1 -2 என்று முடித்துவிட்டார்கள். எங்கேயும் கணக்கு இடிக்கவில்லை, அதனால்தான் சந்தேகமும் வரவில்லை.

ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக்கில் தனி இடம், அதில் அதற்கென்று தனி n. உள்ளே போன அழைப்பு தன் n-ஐ எவ்வளவு குறைத்தாலும் கூப்பிட்டவருடைய n அசையாது. `f(3)` தன் n-ஐ 2 ஆக்கிவிட்டு `f(2)`-ஐக் கூப்பிட்டது என்றால், அது திரும்பி வரும்போதும் இங்கே n 2-தான்.

இப்போது சின்னதிலிருந்து மேலே வாருங்கள். `f(1)`: n 0 ஆகிறது, `f(0)` ஒன்றும் செய்யாது, 0 அச்சாகும், பிறகு `f(-1)`, அதுவும் ஒன்றும் செய்யாது. ஆக `f(1)` தருவது 0. `f(2)`: n 1 ஆகி `f(1)` ஓடுகிறது, அது 0 தரும், பிறகு இங்குள்ள 1 அச்சாகும், கடைசியில் `f(0)`. ஆக 0 1. `f(3)`: முதலில் `f(2)` தரும் 0 1, பிறகு 2, பிறகு n 1 ஆகி `f(1)` இன்னொரு தடவை ஓடி 0 தரும். விடை 0 1 2 0.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது, 0 -1 -2 என்பது சும்மா வந்த எண்கள் அல்ல என்பதுதான். சி++-இல் `int &n` என்று அறிவித்து, 3 வைத்த ஒரு வேரியபிளைக் கொடுத்துக் கூப்பிட்டால் இதே ஃபங்ஷன் அச்சிடுவது அதைத்தான். கேள்வி எடுப்பவருக்கு இது தெரியும், அதனால் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் விடைகளில் அதுவும் ஒரு விருப்பமாகவே அச்சாகியிருக்கும், நம் விடை அங்கே இருப்பதைப் பார்த்ததும் நாம் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். கேட் தேர்வில் ஒரே ஒரு சரியான விடை உள்ள 2 மதிப்பெண் கேள்வியில் தவறான விருப்பத்தைக் குறித்தால் 2 போவதோடு 2/3-உம் கழியும்.

தாளில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தனிப் பெட்டி போடுங்கள், அதற்குள் அதன் n, பக்கத்தில் திரும்பி வந்தால் எந்த வரியிலிருந்து தொடர வேண்டும் என்ற குறிப்பு. அழைப்பு முடிந்தால் அந்தப் பெட்டியை மட்டும் அடியுங்கள். இந்த ஃபங்ஷனில் அந்த வரிக் குறிப்பு ரொம்ப முக்கியம், இரண்டு அழைப்பு இருப்பதால் எதிலிருந்து திரும்பினோம் என்பது மறந்தால் கடைசி 0 காணாமல் போய்விடும்.

ஸ்டாட்டிக் வேரியபிள்

ஃபங்ஷனுக்குள் `static` என்று அறிவித்த வேரியபிளுக்கு எல்லாப் பெட்டிக்கும் வெளியே ஒரே ஒரு இடம், எல்லா அழைப்பும் அதையே பார்க்கும்.

இரண்டு லூப் என்றாலே n² என்பது

```c
for (i = 1; i <= n; i *= 2)
    for (j = 1; j <= i; j++)
        c++;
```

இதில் `c++` எத்தனை தடவை ஓடும் என்று கேட்டால் அவசரப்படுகிறவர் O(n²) என்பார். கொஞ்சம் யோசிப்பவர் வெளி லூப் log n தடவை, உள் லூப் n தடவை, ஆக O(n log n) என்பார். மேல் வரம்பாக இரண்டுமே பொய்யில்லை, ஆனால் கேட்பது நெருக்கமான வரம்பை. உள் லூப் எல்லாச் சுற்றிலும் n தடவை ஓடுவதில்லையே, i எவ்வளவோ அவ்வளவுதான் ஓடும். பெருக்காதீர்கள், சுற்றுச் சுற்றாகக் கூட்டுங்கள். n 16 என்றால் 1 + 2 + 4 + 8 + 16, மொத்தம் 31. n 32 என்றால் 63. n இரட்டிப்பானால் எண்ணிக்கையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, 2n-ஐ ஒருபோதும் தொடுவதில்லை. ஆக O(n).

வெளி லூப்பை `i++` ஆகவும் உள்ளே `j <= n; j += i` ஆகவும் மாற்றினால் n + n/2 + n/3 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும், O(n log n) என்ற விடை பொருந்துவது அதற்கு.